ஏழரைக்குத்தான் விடியும்

"அக்கா, நான் கோலாலம்பூரில் மணப்பெண் அலங்கார வேலை ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. விடியற்காலையில் பெண் வீட்டில் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது? முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்காதே. உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. பினாங்கில், குளுகோர் பக்கம் ஒரு மாடி வைத்த வரிசை வீடு. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் 9 மணிக்கு மேல், கோயில் மண்டபத்தில். பெண் 8.15க்குக் காரில் ஏற வேண்டும். நான் 4.15க்கே போய்விட்டேன். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, பிரைமர் தடவி முடித்தேன். ஃபவுண்டேஷனைத் தட்டில் கலக்கும்போது பட்டென்று இருட்டு. மணி 4.50.

கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. நம் நாட்டில் விடிவதே தாமதம். தமிழ்நாட்டு ஒப்பனைக்காரர்கள் இணையத்தில் "ஜன்னல் பக்கம் உட்கார வைத்துச் செய்யுங்கள்" என்று சொல்வதைக் கேட்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. அங்கே கடிகாரப்படி நமக்கு முன்பே விடிந்துவிடும். இங்கே 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து சூரியன் நமக்கு ஏழு மணி வாக்கில்தான். தை மாதத்தில் பினாங்கில் ஏழரையைத் தாண்டிவிடும், கோலாலம்பூரில் சில நிமிடம் முன்னே. கீழ்வானம் வெளுக்கத் தொடங்குவது அதற்கு இருபது நிமிடம் முன்னால். ஆக, 4.50க்குக் கரண்ட் போனால் கையில் இருப்பது இரண்டரை மணி நேர இருட்டு, அப்புறம் ஒரு முக்கால் மணி நேர வெளிச்சம். எந்த வேலை இருட்டில், எந்த வேலை அந்த முக்கால் மணி நேரத்தில் என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அன்று முதலில் பார்த்தது மெயின் பாக்ஸ். கல்யாண வீட்டில் ஏர்கான், தண்ணீர் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, இரண்டு ஹேர் ட்ரையர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அதனால் பாதி நேரம் விழுவது நம் வீட்டு சுவிட்சாகத்தான் இருக்கும், தூக்கிவிட்டால் வந்துவிடும். பெண்ணின் அண்ணன் கிரில்லைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். தெரு விளக்கும் இல்லை, எதிர் வீடும் இருட்டு. சரி, இது நம் கையில் இல்லை. அவரை 15454க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, எப்போது வரும் என்ற கேள்வியை நான் அதோடு விட்டுவிட்டேன். "அரை மணி நேரத்தில் வந்துடும்" என்று யார் சொன்னாலும் நம்பிக் காத்திருக்காதீர்கள். வராது என்று வைத்துக்கொண்டே வேலையை மாற்றி அடுக்குங்கள். வந்தால் லாபம்.

மேல்மாடி அறையில் ஏர்கான் நின்ற பத்து நிமிடத்தில் பெண்ணின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. பெண்ணையும் நாற்காலியையும் கீழே முன் கூடத்துக்கு மாற்றினேன். வரிசை வீட்டில் காற்றும் வெளிச்சமும் முன்பக்கமும் பின்பக்கமும்தான், நடுவில் ஒன்றும் கிடையாது. வாசல் கதவைத் திறந்து, கிரில்லை மட்டும் பூட்டி, தங்கச்சி ஒருத்தியிடம் சீர்த்தட்டு வந்த அட்டைப்பெட்டி மூடியைக் கொடுத்து விசிறச் சொன்னேன்.

என்னிடம் இரண்டு விளக்கு இருந்தன. ஒன்று சார்ஜ் செய்து வைக்கிற சின்ன எல்இடி பேனல், இன்னொன்று பவர் பேங்க்கில் ஓடும் வளைய விளக்கு. வளைய விளக்கு 10 வாட். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 74 வாட் மணி அளவு மின்சாரம் இருக்கும், வழியில் வீணாவது போக ஐந்து மணி நேரம் தாராளமாக ஓடும். முதல் நாள் இரவு அது முழுதாக ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் முகத்தின் உயரத்தில், முன்னால் வலதும் இடதுமாக வைத்தேன். மேலிருந்து அடித்தால் கண்குழி கறுத்து, இல்லாத கருவளையத்தை மறைக்க உட்கார்ந்துவிடுவோம். ஒரே பக்கமிருந்து அடித்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம்.

வீட்டில் எல்லாரும் கைப்பேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு உதவி செய்ய வந்தார்கள். பாசம்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் நிறத்தைத் தீர்மானிக்கவே கூடாது. கைப்பேசி டார்ச் நீலம் கலந்த வெள்ளை, சிவப்பை மங்கலாக்கிக் காட்டும். கன்னத்தில் பிளஷ் போட்டால் போட்டது போலவே தெரியாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை போகும். வெயிலில் வந்து பார்த்தால் பொம்மைக் கன்னம். கீழே விழுந்த ஊக்கைத் தேட மட்டும் டார்ச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தியும் வந்தது. பெண்ணின் பெரியம்மா இரண்டு கையிலும் ஏற்றிய மெழுகுவத்தியோடு, "இந்தாம்மா, பக்கத்துல வச்சுக்கோ" என்று நாற்காலி அருகில் வந்துவிட்டார். என் கையில் ஹேர் ஸ்ப்ரே. அந்த டப்பாவில் ஆல்கஹாலும் எரியும் வாயுவும்தான் முக்கால்வாசி. பக்கத்தில் நைலான் சவுரி வேறு தொங்கிக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, அதைச் சாமி மேடையில் வச்சிடுங்க, இங்க மட்டும் வேணாம்" என்றேன். முகம் சுருங்கியது. பரவாயில்லை, அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி முடி. அன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது இதுதான். முதல் நாள் இரவு நலுங்கு. எண்ணெயும் மஞ்சளும் போக, 3.30க்குத் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் பெண். இடுப்பு வரை ஈரம். ட்ரையரில் காயவைத்து, முன்முடியைக் கர்லிங் அயர்னில் சுருட்டுவதாகத்தான் திட்டம்.

அண்ணன் உடனே, "காரில் இன்வர்ட்டர் இருக்கு, ட்ரையரை அதில் சொருகிடலாம்" என்றார். இதை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் இன்வர்ட்டர் பெரும்பாலும் 150 வாட் அளவு. ட்ரையர் 1,800 வாட். சொருகின நொடியே நின்றுவிடும், இல்லாவிட்டால் காரின் ஃபியூஸ் போகும். அதோடு, கார் போர்ச்சில் எஞ்ஜினை ஓடவிட்டால் புகை திறந்த கதவு வழியாக நேரே கூடத்துக்குள் வரும். பெண் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கர்லிங் அயர்ன் அந்த இன்வர்ட்டரில் ஓடியிருக்கலாம், ஆனால் ஈர முடியில் சூட்டை வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடியைப் பொரித்துவிடும். அதனால் அதுவும் வேண்டாம் என்றேன்.

ஈரத்தையே வேலைக்காரனாக்கினேன். நம் பாட்டிமார் காலத்து வித்தை இது. முடி நனையும்போது அதன் உள் பிணைப்புகள் சில தளரும், காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி இறுகும். சூடு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், வேகமாகச் செய்கிறது. முன்முடியை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பருத்தி பனியனால் சொட்டாத அளவுக்கு ஒற்றினேன். தேய்க்கவில்லை, தேய்த்தால் சிலிர்க்கும். கொஞ்சம் மூஸ் தடவி, விரல் கனத்துக்கு ஒவ்வொரு கற்றையாக எடுத்து, இரண்டு விரலைச் சுற்றி நாணயம் போல் தட்டையாகச் சுருட்டி, உருவிவிடாமல் தலையோடு படுக்க வைத்து, இரண்டு கிளிப்பைக் குறுக்காகப் போட்டேன். ஒரு பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டுச் சுருள். மணி 5.20. கனமாக எடுத்தால் நடுப்பகுதி காயாது, அவிழ்த்ததும் தொங்கிவிடும்.

பின்முடியைத் தங்கச்சிமார் இருவர் துண்டில் சுற்றிச் சுற்றிப் பிழிந்தார்கள், அட்டை மூடி அங்கேயும் வந்தது. பின்னலுக்கு முழுதாகக் காய வேண்டும் என்றில்லை. வேரும் தலையின் மேல்பகுதியும் காய்ந்தால் போதும், நீளத்தில் லேசாக ஈரம் இருந்தால் பின்னல் இன்னும் இறுக்கமாகவே விழும். ஆனால் சொட்ட விடக் கூடாது. ரவிக்கை முதுகு நனைந்தால் பட்டில் வளையம் வளையமாகக் கறை தெரியும். முதுகில் ஒரு துண்டைக் குறுக்கே கட்டிவிட்டு 6 மணிக்குச் சவுரி சேர்த்துப் பின்னி, ஜடை வில்லைகளை வரிசையாகக் குத்தி, குஞ்சலம் கட்டி முடித்தோம். பூவை மட்டும் வைக்கவில்லை. மல்லிகை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் இருந்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் சில மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். ஒரே ஒரு தடவை திறந்து, ஐஸ் கட்டித் தட்டை வெளியே எடுத்து, மறுபடி யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். குளிர்பானம் தேடி வந்த மாமா ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த ஐஸ் வியர்வைக்கு. கைக்குட்டையில் கட்டிப் பிடரியிலும் மணிக்கட்டிலும் மாற்றி மாற்றி வைத்தோம். பிரைமர் போட்ட முகத்தில் வைக்கவில்லை, வைத்தால் தண்ணீர் வழிந்து எல்லாம் போகும். பிடரி குளிர்ந்தால் முகத்தில் வியர்ப்பது குறையும், பெண்ணின் பதற்றமும் கொஞ்சம் இறங்கும்.

6.10க்குக் கண். வழக்கமாக நான் முகப்பூச்சுக்குப் பிறகுதான் கண்ணுக்குப் போவேன், அன்று திருப்பிப் போட்டேன். கண் மை, ஐலைனர், பழுப்பு ஷேடோ இதெல்லாம் வடிவ வேலை, பேனல் வெளிச்சமே போதும். கீழே உதிரும் ஷேடோவையும் பூச்சு இல்லாத கன்னத்திலிருந்து சுலபமாகத் துடைத்துவிடலாம். ஒட்டு இமைக்கு மட்டும் பொறுமை வேண்டும். புழுக்கத்தில் பசை பிசுபிசுப்பு நிலைக்கு வர வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு வைத்தால் உள்முனை கிளம்பி, தாலி கட்டும் நேரத்தில் கண்ணில் குத்தும்.

6.35க்கு ஃபவுண்டேஷன். இங்கே என்னைக் காப்பாற்றியது ஒரு அட்டை. மூன்று வாரம் முன்பு ட்ரையல் பார்த்தபோது, பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவிப் பார்த்து, எந்த இரண்டு நிறம், எந்த விகிதம் என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு பங்கு இது, ஒரு பங்கு அது. நலுங்கு மஞ்சளில் முகம் அன்று வழக்கத்தைவிட மஞ்சளாகத்தான் இருந்தது, இருட்டில் கண்ணை நம்பியிருந்தால் இன்னும் மஞ்சளாகக் கலந்திருப்பேன். அட்டையை நம்பினேன்.

வியர்க்கும் முகத்தில் பூசுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய ஒரு பூச்சு, ஈர ஸ்பாஞ்சில் தட்டித் தட்டி. அதன் மேல் பவுடரைப் பஃபால் அழுத்த வேண்டும், பிரஷ்ஷால் தூவக் கூடாது. செட்டிங் ஸ்ப்ரே அடித்து, தங்கச்சி விசிற, ஒரு நிமிடம் காய விடுங்கள். வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டாவது பூச்சு. கெட்டுப்போனால் முதலில் காட்டிக்கொடுப்பது மூக்கின் ஓரமும் மேலுதடும்தான். வியர்வை கீழிருந்து பூச்சைத் துளைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக எழும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் பவுடரை அள்ளி வைப்பார்கள். ஈரத்தில் பவுடர் பிசைந்துகொண்டு, காய்ந்ததும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அன்று மேலுதட்டில் எனக்கும் எழுந்தது. டிஷ்யூவால் ஒற்றி, ஸ்பாஞ்சால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, ஊசிமுனையளவு ஃபவுண்டேஷன் மறுபடி வைத்தேன்.

மங்கலான வெளிச்சத்தில் எல்லாருக்குமே பவுடர் கொஞ்சம் கை மீறும். அதற்குக் கரண்ட் வேண்டாத சோதனை ஒன்று உண்டு. இரண்டடி தள்ளி நின்று கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சிலிக்கா பவுடர் அதிகமாக இருந்தால் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசினது போல் வெள்ளையாக அடிக்கும். அன்று அடித்தது. சுத்தமான பெரிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது.

7 மணிக்குப் புடவை. கொசுவமும் முந்தி மடிப்பும் முதல் நாளே இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டியில் வைத்திருந்ததால் பத்து நிமிட வேலை. மண்டபத்தில் மாற்ற வேண்டிய கூரைச் சேலையும் அப்படியே தயாராக இருந்தது. காலையில் வந்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அன்று கதையே வேறு. புடவையை மட்டுமாவது இரவே முடித்துவிடுங்கள், மற்றதை எப்படியும் சமாளிக்கலாம்.

7.20க்குப் போர்ச்சில் நாற்காலி. அண்ணன் காரைத் தெருவுக்கு எடுத்துவிட்டார். வானம் சாம்பல் நிறத்தில் வெளுக்க, முதன்முறையாக அவள் முகத்தை அன்றைக்கு உண்மையில் பார்த்தேன். தாடையும் கழுத்தும் ஒத்துப்போயின. இடது கன்னத்தில் மட்டும் ஒரு சிட்டிகை வெளுப்பு. விளக்கில் ஒன்று இன்னொன்றைவிடக் கிட்ட இருந்திருக்கிறது. இதற்காகத்தான் பிளஷ், கன்ன நிழல், உதட்டுச் சாயம் மூன்றையும் நிறுத்தி வைத்திருந்தேன். சிவப்புக் குடும்பத்து நிறம் எதையும் சூரியன் பார்க்காமல் நான் வைப்பதில்லை. கூரைச் சேலை அரக்கு, அதன் ஒரு மடிப்பைக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்து உதட்டு நிறத்தை எடுத்தேன்.

7.40க்குச் சுருள். ஒரு கிளிப்பை மட்டும் அவிழ்த்து உள்ளே தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் என்று அர்த்தம். ஏழு காய்ந்திருந்தன. காதோரம் இருந்த ஒன்று மட்டும் ஈரம், அதை அப்படியே பின்னலுக்குள் செருகிவிட்டேன், யாருக்கும் தெரியாது. மற்றதை விரலால் பிரித்து முகத்தோரம் விட்டதும் பெண்ணின் அம்மா, "அயர்ன்ல போட்டதைவிட நல்லாருக்கே" என்றார். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. நெற்றிச்சுட்டி, மாட்டல், ஒட்டியாணம், கடைசியாக மல்லிகை. 8.12க்குக் கார் கிளம்பியது.

நீங்கள் கோலாலம்பூரில் இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே பாதிப் பெண்கள் கொண்டோவில். முன்பதிவின்போதே எத்தனையாவது மாடி என்று கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள், அது பெரும்பாலும் லிஃப்ட்டுக்கும் நடைபாதை விளக்குக்கும்தான், வீட்டுக்குள் வராது. பம்ப் நின்றால் குழாயில் தண்ணீரும் நிற்கலாம். ஒரு வாளி பிடித்து வைக்கச் சொல்லுங்கள். விடிந்ததும் கிழக்குப் பக்க பால்கனி எது என்பதையும் ட்ரையல் அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் கூரைச் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டிலேயே இருந்த பாட்டியிடமிருந்து அண்ணனுக்குப் போன். 8.40க்குக் கரண்ட் வந்துவிட்டதாம், மேல்மாடியில் ஏதோ தீய்ந்த வாடையாம். இருட்டியவுடன் வீட்டார் எல்லாரிடமும் சுவிட்சுகளை அணைக்கச் சொன்ன நான், அலங்கார மேசையில் சூடேற வைத்திருந்த என் கர்லிங் அயர்னை மறந்துவிட்டேன். தானாக அணையும் வசதி இல்லாத பழைய அயர்ன். பாட்டி படியேறிப் போய்ச் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார். மேசை விரிப்பில் இரண்டு விரல் நீளத்துக்குக் கருகல். மறுவாரம் லிட்டல் இந்தியாவில் புது விரிப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.